கழுவும் நீரில் எவ்வளவு உப்பு?

பிரிட்டனில் பிறந்து, பிறகு கானாவில் தந்தையிடம் போய் வாழ்ந்த ஒரு பையன், தன் 13-ஆம் வயதில் தாயிடமே திரும்பி வந்தான். தாய் தன் மற்ற மூன்று பிள்ளைகளுடன் பிரிட்டனில் இருந்தார். குடிவரவு அதிகாரிகளுக்குச் சந்தேகம். புறப்பட்டுப் போன பையன் இவன்தானா, அல்லது அந்தத் தாயின் சகோதரி மகன் யாரையாவது அவன் பெயரில் அனுப்பிவிட்டார்களா? ரத்த வகைப் பரிசோதனைகள் செய்தார்கள். பையன் அந்தக் குடும்பத்துக்கு உறவு என்று அவை காட்டின. ஆனால் மகனா, சகோதரி மகனா என்று பிரித்துச் சொல்ல அவற்றால் முடியவில்லை. தந்தையின் ரத்தமும் கிடைக்கவில்லை.

1985-இல் இந்த வழக்கைத் தீர்த்துக் கொடுத்தவர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ். அவர் கையில் இருந்தது ஓர் எக்ஸ்ரே ஃபிலிம். அதில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு வரிசையிலும் டஜன் கணக்கில் கறுப்புப் பட்டைகள். டிஎன்ஏ கைரேகை என்று உலகம் அழைக்கத் தொடங்கியது இதைத்தான். அந்தப் பட்டைகள் எப்படி வந்தன என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். ஏன் அத்தனை பட்டைகள் வந்தன என்று அதிகம் எழுதப்படவில்லை. அதே டிஎன்ஏவை, அதே கருவிகளை வைத்துக்கொண்டு, கடைசியில் கழுவும் நீரில் உப்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருந்தால், அந்தப் பட்டைகளில் பெரும்பாலானவை காணாமல் போயிருக்கும். எனக்கு இந்த முறையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதலில் பட்டை என்பது என்ன என்று பார்த்துவிடுவோம்.

மனித டிஎன்ஏவை நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரியாக நினைத்துக்கொள்ளலாம்: ஏ, டி, ஜி, சி. தாயிடமிருந்து வரும் பங்கில் சுமார் 300 கோடி எழுத்துகள், தந்தையிடமிருந்து வரும் பங்கில் இன்னொரு 300 கோடி. இதை ஒரு வெட்டும் நொதியால் துண்டாக்குவது முதல் வேலை. ஜெஃப்ரிஸ் பயன்படுத்தியது ஹின்எஃப்-1 என்ற நொதி. ஜி, ஏ, ஏதாவதொரு எழுத்து, டி, சி என்ற வரிசையை எங்கே கண்டாலும் அது வெட்டும். அப்படியொரு வரிசை தற்செயலாகவே சராசரி 256 எழுத்துக்கு ஒருமுறை வந்துவிடும் என்பதால் டிஎன்ஏவின் பெரும்பகுதி பொடிப்பொடியாகிவிடும். ஆனால் ஒரே சிறு வாசகம் திரும்பத் திரும்ப அடுக்கி வரும் இடங்கள் சில உண்டு. அந்த வாசகத்துக்குள் வெட்டுக்குறி இல்லையென்றால் எத்தனை முறை திரும்பி வந்தாலும் நொதி அங்கே கை வைக்காது. அந்த அடுக்கு முழுவதும் ஒரே நீளத் துண்டாக வெளியே வரும். மினிசேட்டிலைட் என்று பெயர் பெற்ற இந்த இடங்களில், வாசகம் எத்தனை முறை திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எண்ணிக்கை மாறினால் துண்டின் நீளமும் மாறும். பட்டைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்கு அடிப்படை அவ்வளவுதான்.

வெட்டிய டிஎன்ஏவை அகரோஸ் ஜெல்லின் ஒரு முனையில் உள்ள குழியில் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின்முனையை நோக்கி ஓடும். சிறிய துண்டு ஜெல்லின் இடுக்குகளில் விரைவாக நுழைந்து முன்னே போகும், பெரியது பின்தங்கும். ஒரு ராத்திரிக்கு மேல் ஓடவிட்டால் பொடித்துண்டுகள் ஜெல்லின் மறுமுனையைத் தாண்டி வெளியே போய்விடும். நீளமானவை நீள வரிசைப்படி உள்ளே நிற்கும். இந்த நிலையில் சாயமிட்டுப் பார்த்தால் பட்டை எதுவும் தெரியாது. லட்சக்கணக்கான துண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றலாகத்தான் தெரியும். நமக்கு வேண்டிய துண்டு அதற்குள்தான் எங்கோ இருக்கிறது.

அதைத் தேடி எடுக்க ஒரு வழி சொன்னவர் எடின்பரோவில் பணிபுரிந்த எட்வின் சதர்ன். 1975-இல் அவர் வெளியிட்ட முறைக்கு அவர் பெயரே நிலைத்தது: சதர்ன் பிளாட். ஜெல்லைக் காரக்கரைசலில் ஊறவைத்தால் டிஎன்ஏவின் இரட்டை இழை ஒற்றை இழைகளாகப் பிரியும். பிறகு அடர்ந்த உப்புக்கரைசலில் தோய்ந்த தடித்த வடிகட்டித் தாள் மேல் ஜெல்லை வைக்கிறார்கள். அதன் மேல் நைட்ரோசெல்லுலோஸ் சவ்வு, அதன் மேல் உலர்ந்த காகிதத் துவாலைகளின் அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கனம். துவாலைகள் உப்புநீரை மேல்நோக்கி உறிஞ்சும்போது ஜெல்லில் உள்ள டிஎன்ஏவும் கூடவே மேலே வந்து சவ்வில் சிக்கிக்கொள்ளும். காலையில் பார்த்தால் ஜெல்லில் எது எங்கே இருந்ததோ அது அப்படியே சவ்வில் பதிந்திருக்கும். 80 டிகிரி வெப்பத்தில் சுட்டு அதை நிலைப்படுத்துவார்கள். கெட்டியான ஜெல்லுக்குள் புதைந்திருந்த டிஎன்ஏ இப்போது ஒரு மெல்லிய தாளின் பரப்பில், ஒற்றை இழையாக, ஜோடிக்காகக் காத்திருக்கிறது.

அந்த ஜோடிதான் புரோப். தேடவேண்டிய வாசகத்தின் எதிர்வாசகத்தைக் கொண்ட டிஎன்ஏ துண்டு அது. ஏவுக்கு டி, ஜிக்கு சி என்று எழுத்துகள் ஜோடி சேரும் என்பதால், அது தன் எதிர்வாசகம் இருக்கும் இடத்தில் போய் ஒட்டும். எங்கே ஒட்டியது என்று நமக்குத் தெரியவேண்டுமே. அதற்காகப் புரோப்பில் பாஸ்பரஸ்-32 என்ற கதிரியக்க அணுக்களைச் சேர்த்துவிடுவார்கள். அதன் அரை ஆயுள் சுமார் 14 நாள் என்பதால் புரோப்பைத் தயாரித்ததும் பயன்படுத்திவிட வேண்டும். இன்று ஒளிரும் வேதிப்பொருள்களை அடையாளமாக ஒட்டும் முறைகளும் வந்துவிட்டன, தத்துவம் ஒன்றுதான்.

சவ்வு டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது அல்லவா, புரோப்பையும் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க, முதலில் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்த டிஎன்ஏ, புரதங்கள், சில ஆய்வகங்களில் வெறும் பால்பவுடர் ஆகியவற்றால் சவ்வின் காலி இடங்களை நிரப்பிவிடுவார்கள். அதன் பிறகே புரோப்பை விட்டு, 65 டிகிரி அளவில், மெல்ல ஆட்டியபடி ஒரு ராத்திரி வைப்பார்கள். இழையும் இழையும் இணையும் இந்தக் கட்டத்துக்கு ஹைப்ரிடைசேஷன் என்று பெயர். பிறகு சவ்வைக் கழுவி, ஒட்டாத புரோப்பை நீக்கி, எக்ஸ்ரே ஃபிலிமோடு சேர்த்து இருட்டில், உறைகுளிர்ப் பெட்டியில் சில நாள் வைத்தால், புரோப் ஒட்டிய இடமெல்லாம் ஃபிலிமில் கறுக்கும்.

மேலே 'கழுவி' என்று ஒரே சொல்லில் தாண்டிவந்தேன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

புரோப் தன் எதிர்வாசகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் ஒட்டும் என்பதில்லை. நூறு எழுத்தில் இருபது பொருந்தாவிட்டாலும், மீதி எண்பது ஜோடி சேர்ந்து இழைகளை ஒன்றாகப் பிடித்துவைத்திருக்கும். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லாவிட்டாலும் சட்டை உடம்பில்தான் நிற்கிறது. யாராவது பிடித்து இழுத்தால்தான் எந்தச் சட்டை எவ்வளவு உறுதியாகப் பூட்டப்பட்டிருந்தது என்று தெரியும். கழுவுவது அந்த இழுப்பு. எவ்வளவு பலமாக இழுக்கிறோம் என்பதுதான் ஸ்ட்ரின்ஜென்சி. இந்தக் கட்டுரையில் அதைக் கண்டிப்பு என்று எழுதுகிறேன். கண்டிப்பு குறைவாக இருந்தால் அரைகுறைப் பொருத்தங்களும் தங்கும். கண்டிப்பைக் கூட்டினால் அவை கழன்று போய், நன்றாகப் பொருந்தியவை மட்டும் மிஞ்சும்.

கண்டிப்பைக் கூட்டக் கையில் இரண்டு வழி. ஒன்று வெப்பம்: சூடு ஏற ஏற இழைகள் பிரியும். இது எளிதில் புரிகிறது. மற்றது உப்பு, இது கொஞ்சம் தலைகீழாகத் தோன்றும். டிஎன்ஏ இழையின் முதுகெலும்பு நெடுக எதிர்மின்னேற்றம். இரண்டு இழைகள் நெருங்கும்போது எதிரும் எதிரும் ஒன்றையொன்று தள்ளும். உப்பில் உள்ள சோடியம் அயனிகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. இழைகளைச் சூழ்ந்துகொண்டு அந்தத் தள்ளலை மறைத்துவிடும். ஆகவே உப்பு நிறைந்த நீரில் இழைகள் ஒன்றாக இருக்க விரும்பும். உப்பைக் குறைத்தால் மறைப்பு விலகி, தள்ளல் ஓங்கும். அப்போது பலவீனமான ஜோடிகள்தான் முதலில் பிரியும். வெறும் தண்ணீரை நெருங்க நெருங்கக் கண்டிப்பு ஏறுகிறது.

கழுவும் கரைசலுக்கு ஆய்வகங்களில் எஸ்எஸ்சி என்று பெயர்: சோடியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும் கலந்தது. 1 மடங்கு எஸ்எஸ்சி என்றால் லிட்டருக்கு சுமார் 8.8 கிராம் சாதாரண உப்பும் கொஞ்சம் சிட்ரேட்டும். 0.1 மடங்கு என்றால் அதில் பத்தில் ஒன்று. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை ஜெஃப்ரிஸின் புரோப்பை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அவர் பயன்படுத்திய இரண்டு புரோப்களில் ஒன்றின் பெயர் 33.15. 16 எழுத்து வாசகம் ஒன்று 29 முறை அடுக்கி வந்த துண்டு அது; மொத்தம் சுமார் 460 எழுத்து. அந்த 16-இல் 11 எழுத்துகள் ஜி அல்லது சி. ஜி-சி ஜோடி ஏ-டி ஜோடியைவிட உறுதியானது என்பதால் இது நன்றாக ஒட்டும் புரோப். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரப்படி, எழுத்துக்கு எழுத்து பொருந்திய இணைப்பு 1 மடங்கு எஸ்எஸ்சியில் பிரிவதற்கு சுமார் 97 டிகிரி வேண்டும். 0.1 மடங்கில் சுமார் 80 டிகிரி போதும். உப்பைப் பத்தில் ஒன்றாக்கினால் பிரியும் வெப்பநிலை ஏறக்குறைய 16, 17 டிகிரி இறங்குகிறது.

இன்னொரு கைக்கணக்கு: நூறு எழுத்தில் ஓர் எழுத்து பொருந்தாமல் போனால் பிரியும் வெப்பநிலை சுமார் 1 டிகிரி குறையும். இப்போது 65 டிகிரியில் கழுவுவோம். 1 மடங்கு எஸ்எஸ்சியில் 97-க்கும் 65-க்கும் நடுவே 32 டிகிரி இடைவெளி. அதாவது நூற்றுக்கு முப்பது எழுத்துவரை பொருந்தாத இணைப்பும் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு. 0.1 மடங்கில் இடைவெளி 15 டிகிரிதான். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் பிசகினால் கழன்றுவிடும். கணக்கு தோராயமானதே. பிசகு அதிகமாக ஆகத் தோராயமும் கூடும். ஆனால் திசையும் அளவும் இதுதான். வெப்பமானியின் முள் இம்மியும் நகரவில்லை. குடுவையில் உப்பு மாறியது, புரோப் ஏற்றுக்கொள்ளும் பிசகு பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்த 33.15 எங்கிருந்து வந்தது என்பதிலும் கண்டிப்புக் குறைவுக்குப் பங்கு உண்டு. தசைகளில் ஆக்ஸிஜனைச் சேமிக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தின் மரபணுவை ஜெஃப்ரிஸ் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. சீல் என்ற கடல் விலங்கில் தொடங்கிய ஆய்வு. மனித மயோகுளோபின் மரபணுவுக்குள் 33 எழுத்து வாசகம் ஒன்று நான்கு முறை அடுக்கி வருவதைக் கண்டார்கள். அதையே புரோப்பாக்கி, மனித டிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பில் தேடினார்கள். அச்சுப் பிசகாத நகலை மட்டும் தேடவில்லை. ஓரளவு ஒத்ததும் ஒட்டட்டும் என்று விட்டார்கள். அப்படிச் சிக்கியவை புதிய மினிசேட்டிலைட்டுகள். ஒவ்வொன்றின் வாசகமும் வேறுவேறு. ஆனால் நடுவே 10 முதல் 15 எழுத்து நீளமுள்ள, ஜி மிகுந்த ஒரு பகுதி எல்லாவற்றுக்கும் பொது. 33.15-உம் 33.6-உம் அப்படிக் கிடைத்தவை.

1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை. அந்த வாரம் கழுவிய ஃபிலிமில் ஆய்வக உதவியாளர் ஒருவரின் டிஎன்ஏவும் அவருடைய பெற்றோரின் டிஎன்ஏவும் இருந்தன. கூடவே சில விலங்குகளுடையதும். பட்டைகள் நிறைந்திருந்தன. பெற்றோரின் பட்டைகள் பிள்ளையின் வரிசையில் கலந்து வந்திருப்பது தெரிந்தது. விலங்குகளிலும் பட்டைகள் இருந்தன! மனிதப் புரோப் விலங்கிலும் ஒட்டுகிறது என்றால் கண்டிப்பு எவ்வளவு தளர்வாக இருந்திருக்கும் என்று புரிந்துகொள்ளலாம். வழக்கமான மரபணு வேலையில் இதைக் குறையாக எண்ணி, 'சரியாகக் கழுவவில்லை' என்று சவ்வைத் திரும்பவும் தொட்டியில் போட்டிருப்பார்கள். ஜெஃப்ரிஸ் வேண்டுமென்றே தளர்த்தினார். தளர்த்தியதால், மரபணுத் தொகுதியின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஒரே குடும்பத்து மினிசேட்டிலைட்டுகள் ஒரே நேரத்தில் கறுத்தன.

இப்போது அந்தப் பையனின் வழக்குக்கு வருவோம். தாய், ஐயத்துக்கிடமில்லாத மூன்று பிள்ளைகள், பையன் என்று ஐந்து பேரின் டிஎன்ஏ அருகருகே ஓடவிடப்பட்டது. தந்தை இல்லை. ஆனால் தந்தையின் பட்டைகளில் பலவற்றை மீட்டெடுக்க வழி இருந்தது: மூன்று பிள்ளைகளிடம் உண்டு, தாயிடம் இல்லை என்றால் அந்தப் பட்டை தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அப்படி 39 பட்டைகள் தேறின. பிள்ளைக்குத் தந்தையின் பட்டைகளில் ஏறத்தாழப் பாதி வரும் என்பது மரபியல் விதி. பையனிடம் அந்த 39-இல் ஏறத்தாழப் பாதி இருந்தது. ஆக, தந்தை அவரே.

பையனின் வரிசையில் எண்ணத் தகுந்த பட்டைகள் மொத்தம் 61. அவற்றில் ஒன்றுகூடத் தாயிடமும் மூன்று பிள்ளைகளிடமும் இல்லாததாக நிற்கவில்லை. தாய்வழி என்று தெளிவாகச் சொல்லத்தக்க 25 பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிகாரிகளின் கேள்வியைக் கேட்டார்கள்: இந்தப் பெண் தாய் இல்லை, தாயின் உடன்பிறந்தவர் என்றால் 25-உம் பொருந்துமா? உடன்பிறந்தவர்களுக்கு இடையே ஒரு பட்டை பொதுவாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு சுமார் 62. ஒரு பட்டை பொருந்துவது வியப்பில்லை. இரண்டும் பொருந்த வாய்ப்பு நூற்றுக்கு 38 ஆகும். 25-உம் பொருந்த, 0.62-ஐ 25 முறை பெருக்க வேண்டும். கிடைப்பது பத்து லட்சத்தில் சுமார் 6. அதிகாரிகள் வழக்கைக் கைவிட்டார்கள், பையன் தாயோடு இருந்தான்.

இதே சவ்வைக் கண்டிப்போடு கழுவியிருந்தால்? இதைக் கற்பனை செய்யத் தேவையில்லை; அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜெஃப்ரிஸ் குழுவே செய்து காட்டியது. மினிசேட்டிலைட் ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதையே புரோப்பாக்கி, 0.1 மடங்கு எஸ்எஸ்சியில் கழுவினார்கள். அப்போது ஒவ்வொருவர் வரிசையிலும் இரண்டே பட்டைகள் வந்தன: ஒன்று தாய் தந்தது, ஒன்று தந்தை தந்தது. கண்டிப்பைத் தளர்த்தினால் அதே புரோப் அதன் உறவுக்கார மினிசேட்டிலைட்டுகளிலும் ஒட்டிக் கூடுதல் பட்டைகளைக் காட்டியது. அவர்கள் கண்டெடுத்த இடங்களில் சில எவ்வளவு மாறுபடுபவை என்றால், நூறு பேரில் தொண்ணூற்றேழு பேருக்குத் தாய்வழிப் பட்டையும் தந்தைவழிப் பட்டையும் வேறுவேறு நீளத்தில் இருந்தன.

இரண்டே பட்டைகள் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தப் பையனின் கேள்விக்கு அது போதியிருக்காது. ஓர் இடத்தில் தாய் கொடுத்த பட்டை, தாயின் சகோதரியிடமும் இருக்க வாய்ப்பு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. இப்படி நான்கு இடங்களைப் பார்த்தாலும் பதினாறில் ஒன்று என்ற அளவில்தான் நிற்போம். அதற்கும் பத்து லட்சத்தில் ஆறுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். உறவை அளக்க ஒரே ஃபிலிமில் அத்தனை பட்டைகள் தேவைப்பட்டன. அவற்றைத் தந்தது தளர்வான கழுவல்.

குற்றவழக்கு என்றால் நிலைமை வேறு. சம்பவ இடத்துக் கறையில் இருவரின் டிஎன்ஏ கலந்திருக்கலாம். தளர்வாகக் கழுவினால் இருவர் பட்டைகளும் சேர்ந்து எது யாருடையது என்று பிரிக்க முடியாத நெரிசலாகிவிடும். கண்டிப்பாகக் கழுவி ஒரே இடத்தைப் பார்த்தால், ஒருவருக்கு இரண்டு பட்டை என்ற கணக்கில் நான்கு பட்டை வந்ததும் இருவர் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பட்டையின் நீளத்தை அளந்து எண்ணாகப் பதிவு செய்யவும் முடியும். இன்னோர் ஊரில், இன்னொரு நாளில் ஓடவிட்ட ஜெல்லோடு ஒப்பிடலாம். டிஎன்ஏவும் குறைவாகவே போதும். ஆகவே கண்டிப்பாகக் கழுவியது துல்லியமானது, தளர்வாகக் கழுவியது அரைகுறை என்று சில கையேடுகளின் தொனி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். கேள்வியைத் தீர்மானித்த பிறகுதான் உப்பை அளக்க வேண்டும்.

இந்தியாவிலும் இந்த முறை இன்னொரு வழியாக வந்து சேர்ந்தது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் வளர்த்தெடுத்த புரோப், பாம்பு டிஎன்ஏவிலிருந்து பிறந்தது. கட்டுவிரியன் வகையைச் சேர்ந்த ஒரு பாம்பில் அவர் கண்ட டிஎன்ஏ பகுதியில் ஜி, ஏ, டி, ஏ என்ற நான்கெழுத்து திரும்பத் திரும்ப வரும். அதே அடுக்கு மனித டிஎன்ஏவிலும் பல இடங்களில் இருப்பதால், அந்தப் புரோப் மனிதர்களிலும் ஆளுக்கு ஆள் வேறுபடும் பட்டை வரிசையைக் காட்டும். 1989-இல் கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கில் இந்த மையத்தின் பரிசோதனையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஃபிலிமில் எதிர்பாராத பட்டை ஒன்று நின்றால் அது எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? இந்த வேலையில் பழகியவர்கள் முதலில் செய்வது, சவ்வை இன்னும் கண்டிப்பாகக் கழுவி, இன்னொரு ஃபிலிம் எடுப்பது. அரைகுறைப் பொருத்தத்தால் வந்த பட்டை மங்கும் அல்லது மறையும். சரியான பொருத்தம் அதே இடத்தில் அதே கறுப்போடு நிற்கும். கண்டிப்பைக் கூட்டியும் கூடுதல் பட்டைகள் பிடிவாதமாக நின்றால் கோளாறு கழுவலில் இல்லை. நொதி எல்லா இடத்திலும் வெட்டி முடிக்காமல் விட்டிருக்கலாம். அப்போது வெட்டப்படாத நீளத் துண்டுகள் மேலே கூடுதல் பட்டைகளாக நிற்கும். அவை சரியான வாசகத்தையே கொண்டவை என்பதால் எத்தனை முறை கழுவினாலும் போகாது. அதற்கு மருந்து டிஎன்ஏவை மறுபடி, கூடுதல் நொதியோடு வெட்டுவதுதான். வரிசை முழுவதும், பட்டை இல்லாத இடங்களும் சேர்ந்து கறுத்திருந்தால் கண்டிப்பு மிகவும் குறைவு. சவ்வின் வெற்று ஓரங்கள்கூடக் கறுத்திருந்தால், காலி இடங்களைச் சரியாக நிரப்பவில்லை என்று பொருள். ஒன்றுமே தெரியாமல் வெளுத்திருந்தால் அளவுக்கு மீறிக் கழுவியிருக்கலாம், அல்லது புரோப்பிலேயே கதிரியக்கம் போதாமல் இருந்திருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு ஜெல்லிலும், விடை தெரிந்த ஒரு டிஎன்ஏவையும் ஒரு வரிசையில் ஓடவிடுவார்கள். அதிலும் பட்டை வராவிட்டால் குறை முறையில் இருக்கிறது, மாதிரியில் இல்லை.

இதில் ஓர் ஒழுங்கு உண்டு: தளர்விலிருந்து கண்டிப்புக்குத்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. கழன்ற புரோப் கழுவிய நீரோடு போய்விட்டது. ஆகவே முதலில் தளர்வாகக் கழுவி ஒரு ஃபிலிம், பிறகு கண்டிப்பாகக் கழுவி இன்னொன்று. இடையில் சவ்வு உலர்ந்துவிடக் கூடாது. உலர்ந்தால் ஒட்டிய புரோப் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு எந்த உப்பும் வெப்பமும் அதை அசைக்காது. ஈரமாகவே மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி ஃபிலிமோடு வைப்பது அதற்காகத்தான்.

குற்றவியலில் சதர்ன் பிளாட்டின் இடத்தைப் பிசிஆர் முறை பிடித்து வெகுநாளாகிவிட்டது. மருத்துவத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று, கண்டிப்பின் எல்லையையும் காட்டுகிறது. முகம், தோள், மேற்கை ஆகிய தசைகள் படிப்படியாகப் பலவீனமாகும் ஒரு பரம்பரை நோய், எஃப்எஸ்ஹெச்டி. 4-ஆவது குரோமோசோமின் முனையில் 3,300 எழுத்து நீளமுள்ள வாசகம் ஒன்று அடுக்கி வருகிறது. நலமுள்ளவர்களிடம் இந்த அடுக்கு 11-இலிருந்து 100 வரை இருக்கும்; நோயுள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 10 அல்லது அதற்கும் கீழே சுருங்கியிருக்கும். லட்சக்கணக்கான எழுத்து நீளம் வரை போகக்கூடிய இந்த அடுக்கைச் சாதாரணப் பிசிஆரால் அளக்க முடியாது. வெட்டி, ஓடவிட்டு, புரோப்பால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், 10-ஆவது குரோமோசோமின் முனையிலும் ஏறக்குறைய இதே அடுக்கு இருக்கிறது. அது சுருங்கினால் பொதுவாக நோய் வருவதில்லை. இரண்டு வாசகங்களும் நூற்றுக்கு 98-க்கு மேல் ஒன்றே. பிரியும் வெப்பநிலையில் அவற்றுக்கிடையே ஓரிரண்டு டிகிரி வித்தியாசம்கூடத் தேறாது. கழுவும் நீரை எவ்வளவு நீர்க்கச் செய்தாலும், எவ்வளவு சூடாக்கினாலும், ஒன்று கழலும்போது மற்றதும் கழன்றுவிடும். நான்கு பட்டைகளில் எது 4-ஆவது குரோமோசோமுடையது, எது 10-ஆவதுடையது என்று புரோப்பால் சொல்ல முடியாது. இங்கே தீர்வு கழுவும் தொட்டியில் கிடைக்கவில்லை, வெட்டும் குழாயில் கிடைத்தது. பிஎல்என்-1 என்ற இன்னொரு நொதி 10-ஆவது குரோமோசோமின் வாசகத்தை மட்டும் ஒவ்வொரு அடுக்கிலும் வெட்டும். 4-ஆவதின் வாசகத்தில் அதற்கு வெட்டுக்குறி இல்லை. ஒரே ரத்தத்தின் டிஎன்ஏவை இந்த நொதி சேர்த்தும் சேர்க்காமலும் வெட்டி இரண்டு வரிசைகளில் அருகருகே ஓடவிடுகிறார்கள். இரண்டிலும் நிற்கும் நீளப் பட்டைகள் 4-ஆவது குரோமோசோமுடையவை, இரண்டாவதில் காணாமல் போனவை 10-ஆவதுடையவை. ஆண்களின் வரிசையில் மட்டும் ஒய் குரோமோசோமிலிருந்து 9,500 எழுத்து நீளத்தில் இன்னொரு பட்டை வரும். அதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை. புரோப்புக்கு அங்கேயும் ஓர் உறவுக்கார வாசகம் இருக்கிறது. பரிசோதனை அறிக்கை எழுதுபவர் அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.